தமிழ் புரியும், பேச வராது: திருமணக் குறிப்பில் இதை எப்படி எழுதுவது?

கேள்வி

எனக்கு 31 வயது. ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தேன். இயன்முறை சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். பெற்றோர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் ஜெர்மன் மொழியில் பதில் சொல்வேன். தமிழ் எல்லாம் புரியும். பேசத்தான் வராது.

திருமணத் தளத்தில் அப்பா என்னைப் பற்றி ‘தமிழ் சரளமாகப் பேசுவார்’ என்று எழுதினார். அதை நம்பி வந்த இரண்டு திருமணப் பேச்சுக்கால்கள் நின்றுபோயின. முதலாவது, மாப்பிள்ளை என்னோடு பத்து நிமிடம் பேசிய பிறகு. இரண்டாவதில் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்றேன். திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வருவதற்கும் ‘ஓம்’ சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

‘தமிழ் புரியும், கொஞ்சம்தான் பேசுவேன், பொறுமையான துணை வேண்டும்’ என்று மாற்றி எழுத நினைக்கிறேன். குறையை நாமே ஏன் விளம்பரப்படுத்த வேண்டும் என்கிறார் அப்பா. துணை எந்த நாட்டவராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். குறிப்பை எப்படி எழுதுவது? இந்தக் கடிதத்தை நான் ஜெர்மனில் சொல்ல, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அண்ணி தமிழில் எழுதினார்.

பதில்

உங்கள் கடிதத்தில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட சொல் ‘ஓம்’. எல்லாம் புரியும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். புரியாத கேள்விக்கும் ஓம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளக்காமல் குறிப்பு எழுத உட்கார்ந்தால், அப்பா எழுதியது பெரிய பொய் என்றால் நீங்கள் எழுதப்போவது சின்னப் பொய்யாகிவிடும். உங்களைக் கடிந்து சொல்லவில்லை. உங்களைப் போல் வளர்ந்த பலரோடு பேசியிருக்கிறேன். ஏறத்தாழ எல்லோரும் தங்கள் பேச்சைக் குறைத்தும், தங்கள் புரிதலைக் கூட்டியும் மதிப்பிடுகிறார்கள்.

எந்தத் தமிழ் புரியும்?

உங்களுக்குப் புரிவது அப்பா அம்மாவின் தமிழ். அவர்கள் முப்பது ஆண்டுகளாக உங்களுக்காகவே அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ‘நாளைக்கு டெர்மின் இருக்கிறது’, ‘அன்மெல்டுங் செய்தாயா’ என்று, சந்திப்பு நேரம், பதிவு போன்ற கடினமான பெயர்ச்சொற்களை ஜெர்மனிலேயே போட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சின்ன வாக்கியமாக்கித் தருவார்கள். முகம் தெரியும், கை அசையும், என்ன பேச்சு வரும் என்பதும் பாதி தெரியும். சாப்பாடு, உடம்பு, உறவினர் வருகை, ஏச்சு ஆகிய நான்கு வட்டங்களுக்குள் நீங்கள் உண்மையிலேயே எல்லாவற்றையும் பிடிக்கிறீர்கள்.

லண்டன் அம்மாவின் தொலைபேசியில் இந்த உதவி எதுவும் இல்லை. முகம் இல்லை, வேகம் அவருடையது. கேள்வியும் நேராக வந்திருக்காது. ‘பிள்ளைக்கு அங்கே வேலை நல்லதுதான், ஆனால் கலியாணம் முடிந்த பிறகு இங்கேதானே வர வேண்டியிருக்கும், அது ஒரு பிரச்சினையாக இராதுதானே’ என்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்திருக்கும். நீங்கள் ‘வேலை’, ‘நல்லது’, ‘பிரச்சினை’ என்ற மூன்று சொற்களைப் பிடித்து மரியாதையாக ஓம் என்றிருப்பீர்கள். பணம், வீடு, வேலையை விடுவது, மனத்தாங்கல், சாடைப் பேச்சு ஆகியவற்றைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளிடம் பேசுவதில்லை. திருமணப் பேச்சோ முழுக்க அந்த வட்டத்துக்குள்தான் நடக்கிறது.

ஆகவே குறிப்பு எழுதுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது அம்மாவுக்கு அனுப்பிய ஒரு நிமிடக் குரல் செய்தியை ஒரே ஒரு முறை கேளுங்கள். என்ன சொன்னார் என்று அண்ணியிடம் ஜெர்மனில் சொல்லுங்கள். அதுபோல மூன்று செய்திகள்: நலம் விசாரிப்பது ஒன்று, காணியோ காசோ பற்றியது ஒன்று, யாரோடோ மனவருத்தம் என்று சொல்வது ஒன்று. முதலாவதில் எல்லாம் வரும். மற்ற இரண்டில் எது நழுவுகிறது என்று அண்ணி குறித்துக்கொள்ளட்டும். ‘தமிழ் புரியும்’ என்ற உங்கள் வரிக்கான சரக்கு அங்கே கிடைக்கும்.

பேச்சு ஏன் வருவதில்லை

இதை அப்பாவும் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர் இதைச் சோம்பலாகவோ அக்கறையின்மையாகவோ நினைக்கக்கூடும்.

கேட்கும்போது சொல் தானாகக் காதுக்கு வருகிறது, அதை அடையாளம் கண்டால் போதும். பேசும்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அதைத் தேடி எடுக்க வேண்டும். இந்தச் சிக்கல் எல்லா மொழிகளுக்கும் பொது. தமிழில் இன்னொன்று சேர்கிறது. ‘மாமா வந்...’ என்று யாராவது தொடங்கினால், கடைசி எழுத்து காதில் விழாவிட்டாலும் உங்களுக்குப் புரிந்துவிடும். அதையே நீங்கள் சொல்ல வேண்டுமானால் வந்தானா, வந்தாரா என்று அரை நொடியில் முடிவு செய்தாக வேண்டும். தவறினால் அது இலக்கணப் பிழையோடு நிற்பதில்லை, மரியாதைக் குறைவாகிவிடுகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று படிகள் வேறு. பெற்றோர் உங்களை ‘நீ’ என்றுதான் அழைத்தார்கள். வா, சாப்பிடு, படி என்று ஏவல் வினைகளாகத்தான் தமிழ் உங்கள் மேல் பொழிந்தது. வாய் திறந்தால் முதலில் வருவதும் அந்த வடிவங்களே.

என்னிடம் வந்த ஓர் இளைஞர், பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மாமனாரிடம் ‘நீ சாப்பிடு’ என்று சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். கூடமே சிரித்தது. மாமனாரும் சிரித்தார், கோபிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இளைஞர் பெரியவர்கள் முன் தமிழில் வாயைத் திறப்பதில்லை. உங்களைப் போன்றவர்களின் மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது. உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும்.

‘பொறுமையான துணை’ என்பதில் என்ன கோளாறு

உங்கள் வாக்கியத்தில் நேர்மை இருக்கிறது. ஆனாலும் அது வேலை செய்யாது. திருமணக் குறிப்பை வாசிக்கும் எவரும் தான் பொறுமைசாலி என்றே நினைத்துக்கொள்வார். கேட்டால் எல்லோரும் ஆமாம் என்று சொல்லக்கூடிய தகுதியைக் கேட்பதால் யாரும் வடிகட்டப்படுவதில்லை. அதோடு, பொறுமை என்பது ஒரு தொல்லையைத் தாங்கிக்கொள்கிறவருக்கு உரிய சொல். ‘என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் தொடங்கினால் இரண்டு வகையினர் ஈர்க்கப்படுவார்கள். ஒருவர் உங்களைத் திருத்தி எடுக்கப் புறப்படும் வாத்தியார். மற்றவர் ஐரோப்பிய வதிவிட உரிமைக்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர். முதல் வகையினரில் நல்லவர்களும் உண்டு. ஆனால் சாப்பாட்டு மேசையில் வாழ்நாள் முழுதும் வாத்தியாரோடு உட்கார்வது களைப்பூட்டும்.

நீங்கள் தேடுவதற்கு உங்கள் ஊர்த் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது. நான் மதுரைக்காரி. எங்கள் பக்கம் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. முதன்முதலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னிடம் ‘ஆறுதலாகச் சாப்பிடுங்கள்’ என்றபோது எனக்கு என்ன துக்கம் நேர்ந்தது என்று திகைத்தேன். அவசரப்படாமல், நேரம் எடுத்துக்கொண்டு என்பதைத்தான் அவர் சொன்னார். ‘ஆறுதலாகக் கதைப்பவர்’ என்று எழுதிப் பாருங்கள். இதில் தாங்கிக்கொள்ளும் பாரம் எதுவும் இல்லை, ஒரு பழக்கம் மட்டுமே இருக்கிறது. பழக்கம் ஒருவரிடம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். தமிழ்நாட்டுக்காரருக்கும் அந்தக் குறிப்பு போகுமானால் மட்டும் ‘நிதானமாகப் பேசுபவர்’ என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரும் என்னைப் போல் திகைப்பார்.

குறிப்பை எழுதுவோம்

எவ்வளவு தமிழ் தெரியும் என்று அளவு சொல்வதால் பயனில்லை. ‘கொஞ்சம்’ என்பது ஒருவருக்குப் பத்துச் சொல், இன்னொருவருக்கு அரை மணி நேரப் பேச்சு. உங்களோடு உரையாடினால் எப்படி இருக்கும் என்பதை வாசிப்பவர் கண்முன் கொண்டுவர வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் சோதனையில் வரும் விடைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் வரும் பொழுதுபோக்குகள் என் கற்பனை, உங்களுடையவற்றைப் போடுங்கள்.

> வயது 31. டோர்ட்முண்ட் அருகே வளர்ந்தேன், இயன்முறை சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். மாலையில் நீச்சல், ஞாயிறு காலையில் அம்மாவோடு இடியாப்பம் பிழிவது, ஆண்டுக்கு ஒரு முறை நீண்ட ரயில் பயணம். திருமணத்துக்குப் பின்னும் வேலையைத் தொடர விரும்புகிறேன்.
>
> பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். வீட்டுத் தமிழ் எனக்கு நன்றாகப் புரியும். வேகமான தொலைபேசிப் பேச்சும் செய்தித் தமிழும் பாதிதான் பிடிபடும். பேசும்போது சிறிய வாக்கியங்கள் வரும், நடுவில் ஜெர்மன் சொல்லும் வரும். நீங்கள் தமிழில் கதைக்கலாம், நான் தமிழிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலுமாகப் பதில் சொல்வேன். புரியாவிட்டால் மறுபடி கேட்பேன்.
>
> ஆறுதலாகக் கதைப்பவரைத் தேடுகிறேன். நான் சொல் தேடும்போது வாக்கியத்தை முடித்துவைக்காமல் சற்றுக் காத்திருப்பவர், என் பிழையைப் பிறகு தனியாகச் சொல்பவர் என்றால் மகிழ்ச்சி. ஜெர்மன் புதிதாகக் கற்பவராக இருந்தால் அந்த மொழியில் நானும் உங்களுக்கு அப்படியே இருப்பேன்.
>
> இந்தக் குறிப்பை நான் சொல்ல, அண்ணி தமிழில் எழுதினார்.

ஏன் இப்படி என்று சில வார்த்தை. மொழி முதல் பத்தியில் வரவில்லை. முதல் வரியிலேயே மொழியைப் போட்டால் மற்றதெல்லாம் அதற்கான சமாதானமாக வாசிக்கப்படும். நீச்சலும் இடியாப்பமும் முன்னால் வந்தால், அவருக்கு ஒரு பெண் தெரிகிறாள், அவள் பேசும் விதம் பிறகு தெரிகிறது. ‘ஆனால்’, ‘மன்னிக்கவும்’, ‘இருந்தாலும்’ ஆகிய சொற்கள் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். வேலையைப் பற்றிய வரி லண்டன் அம்மாவுக்காகவே சேர்ந்தது. தொலைபேசியில் சிக்கலாக வரக்கூடிய கேள்விக்கு எழுத்திலேயே பதில் இருந்தால் ‘ஓம்’ ஆபத்து ஒன்று குறைகிறது.

கடைசி வரியை அப்பா நிச்சயம் நீக்கச் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள். அண்ணி அழகாகத் தமிழ் எழுதுகிறார். அந்த அழகான தமிழே ‘சரளம்’ என்று சொல்லாமல் சொல்லிவிடும். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் உங்கள் மூன்று சொல் வாக்கியத்தைக் கேட்பவர், தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். முதல் பேச்சுக்கால் பத்து நிமிடத்தில் முடிந்ததற்கு உங்கள் தமிழைக் காட்டிலும் அப்பாவின் ‘சரளம்’தான் அதிகக் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். அப்பாவின் பயமும் புரியாததல்ல. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று எழுதினால் வளர்ப்பைக் குறை சொல்வார்கள் என்று நினைக்கிறார். குறிப்பில் ‘குறை’ என்று எதுவும் எழுதப்படவில்லை என்பதை அண்ணி அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

‘எந்த நாட்டவராக இருந்தாலும்’ என்பதைப் பற்றி

இங்கே உங்களோடு உடன்பட முடியவில்லை. அவர் தமிழில் பேச, நீங்கள் வேறு மொழியில் பதில் சொல்லும் இந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் நடப்பதற்குக் காரணம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜெர்மன் புரிகிறது என்பதே. வரப்போகிறவருக்கு உங்கள் பதில் மொழி காதுக்குப் பழகியிருக்க வேண்டும். உங்கள் தமிழ் பாதி வழி வந்தால் அவருடைய ஜெர்மனோ ஆங்கிலமோ மீதி வழி வர வேண்டும்.

ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பகுதியிலோ வளர்ந்தவரானால் பேச்சுக்குத் தடையே இராது. அவருக்கும் உங்களைப் போலவே தமிழ் கேட்க மட்டும் வரும் என்றால், வீட்டில் தமிழ் பேச ஆளில்லாமல் போகும். அது உங்களுக்குச் சம்மதமா என்பதை மட்டும் முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள். கனடா, லண்டன் என்றால் ஆங்கிலம் நடுவில் நிற்கும். தமிழ்நாட்டுக்காரர் என்றால் தமிழ் புரியும் என்ற உங்கள் நம்பிக்கை முதல் வாரத்திலேயே ஆட்டம் காணும். அவர் புரிகிறதா என்று கேட்பார், உங்கள் காதோ விளங்குகிறதா என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். இவை கடக்க முடியாதவை இல்லை, சில மாதங்களில் காது பழகிவிடும்.

இலங்கையிலிருந்து வருபவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அங்கிருந்து துணையாக ஜெர்மனிக்கு வருபவர், சில விதிவிலக்குகள் தவிர, விசாவுக்கு முன்பே அடிப்படை ஜெர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். 2007 முதல் இந்த விதி இருக்கிறது. A1 என்ற முதல் படித் தேர்வு அது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பலரும் கொழும்பில் உள்ள, ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிறுவனத்தில் எழுதுகிறார்கள். அந்தப் படியில் ஒருவரால் என்ன பேச முடியும்? பெயர், ஊர், வேலை, விலை, நேரம், ஒரு சின்ன வேண்டுகோள். வந்த பிறகு நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் வழக்கமாக 600 பாட நேரங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வளவு படித்தும் அரசு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் வேகமாகப் பேசினால், புதிதாக வந்தவர் உங்களைப் போலவே புரியாமல் தலையாட்டுவார். அங்கே ‘ஓம்’ என்பதற்குப் பதில் ‘யா, யா’ என்பார்.

அவர் தமிழில் வீட்டுக்காரராகவும் ஜெர்மனில் விருந்தாளியாகவும் இருப்பார். நீங்கள் அதற்கு நேர்மாறு. குறிப்பில் ‘நானும் உங்களுக்கு அப்படியே இருப்பேன்’ என்ற வரியை நான் போட்டது இதனால்தான். அந்த வரிக்கு எப்படிப் பதில் வருகிறது என்று பாருங்கள். ‘நீங்கள் இருக்கிறீர்கள், ஜெர்மனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பவருக்கும், ‘தேர்வில் பேசும் பகுதிதான் பயமாக இருக்கிறது’ என்பவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

வதிவிட உரிமைக்காக மட்டும் வருபவர் உண்டா என்றால், உண்டு. தேதியை அவசரப்படுத்துவதும், உங்கள் தமிழைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே ‘அதெல்லாம் பிரச்சினை இல்லை’ என்பதும் எனக்கு உறுத்தும் அறிகுறிகள். உண்மையாக உங்களோடு வாழ நினைப்பவருக்கு இந்த விஷயத்தில் கேள்விகள் இருக்கும்.

முதல் அழைப்பு

குரல் அழைப்பு வேண்டாம், முகம் தெரியும் அழைப்பாக இருக்கட்டும். இருபது நிமிடம் போதும். அதற்கு முன் நான்கு வாக்கியங்களை வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். ‘விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்.’ ‘கொஞ்சம் பொறுங்கள், சொல் தேடுகிறேன்.’ ‘நீங்கள் கேட்டது இதுதானா?’ ‘இதை யோசித்துச் சொல்கிறேன்.’ நான்காவதுதான் ‘ஓம்’ என்பதன் இடத்தில் உட்கார வேண்டியது. பணம், வேலை, எந்த ஊரில் குடியிருப்பது, பெற்றோரை யார் பார்ப்பது ஆகிய கேள்விகளுக்குத் தொலைபேசியில் தமிழில் சம்மதம் சொல்வதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி அனுப்பச் சொல்லி, அண்ணியோடு வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஏற்கெனவே லண்டனுக்குச் சொன்ன ‘ஓம்’ பற்றி இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புரியாமல் சொன்ன சம்மதம் சம்மதமாகாது.

எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே அழையுங்கள். நெருங்கிய பிறகு அவர் ‘நீர்’ என்று இறங்கினால் இறங்கட்டும். இந்த ஒரு முடிவை முன்பே எடுத்துவிட்டால் பாதி தயக்கம் போய்விடும்.

அழைப்பில் அவரிடம் மூன்றே விஷயங்களைக் கவனியுங்கள். விளங்கவில்லை என்றதும் அவர் அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்கிறாரா, வேறு சொல்லில் சொல்கிறாரா? சத்தம் கூட்டுபவருக்கு உங்கள் காதில் பழுது என்று நினைப்பு. சொல்லை மாற்றுபவருக்குத்தான் சிக்கல் எங்கே என்று தெரிகிறது. நீங்கள் சொல் தேடி நிற்கும் நொடிகளில் அவர் என்ன செய்கிறார்? அன்பினாலும் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பார்கள், அதனால் ஒரு முறைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ‘நானே சொல்கிறேன்’ என்று நீங்கள் சொன்ன பிறகும் தொடர்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதும் முக்கியமானதும்: அறையில் அண்ணியோ அப்பாவோ இருந்தால், உங்களுக்கான கேள்வியை அவர்களிடம் கேட்கிறாரா? ‘பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?’ என்று உங்கள் எதிரிலேயே அண்ணியிடம் கேட்கும் மாப்பிள்ளை, எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், வாழ்நாள் முழுதும் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் பேசுவார்.

அதே காரணத்துக்காக இரண்டாம் அழைப்பிலிருந்து அண்ணி அறையில் இருக்க வேண்டாம். பேச்சு தடுக்கினால் தடுக்கட்டும். உங்கள் கல்யாணத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு இடம் இல்லை என்பதை அவரும் அறிவார்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வருமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் அவர்களோடு தமிழில் பேசுவாரா என்று திருப்பிக் கேளுங்கள், அது முழுக்க உங்கள் தலையில் விழ வேண்டிய வேலை இல்லை.

அண்ணிக்கு

இந்தப் பதிலை அவருக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள். முதலில் இருப்பதை இருக்கிறபடி, இந்தப் புத்தகத் தமிழிலேயே வாசியுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு அதையே உங்கள் பேச்சில் சொல்லுங்கள், அப்போதும் நிறுத்தினால் இரண்டாவது கோடு. ஒற்றைக் கோடுகள் அவருக்குப் பழக்கமில்லாத எழுத்துத் தமிழ். இரட்டைக் கோடு விழுந்த இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குறிப்பின் இரண்டாம் பத்தியைத் திருத்த இருவரும் உட்காருங்கள்.